‘அனலைஸ்’ என்று மட்டும் எழுதி வந்த எக்செல் ஃபைல்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

2024 ஜூலை முதல் வாரம். ஈரோட்டில் எண்ணெய், சோப்பு, மசாலா வாங்கிக் கடைகளுக்குப் போடும் ஒரு ஏஜென்சியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு எக்செல் ஃபைல் வந்தது. கீழே ‘அனலைஸ்’ என்று ஒரே ஒரு சொல். என்ன தெரிய வேண்டும், எதற்காக, எப்போதைக்குள் என்று ஒன்றுமில்லை. ஃபைலுக்குள் ஒரு ஷீட், தலைப்பு வரிக்குக் கீழே 4,186 வரிகள், பன்னிரண்டு காலம்கள்: Bill No, Date, Type, Party, GSTIN, Area, Item, Qty, Unit, Rate, Taxable, Tax. ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான விற்பனைப் பதிவு என்பது ஃபைல் பெயரிலிருந்து தெரிந்தது.

இப்படி வரும் ஃபைலில் தப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கூட்டிப் பார்க்கும்போது வருகிற எண்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் ஃபைல் வேறாக இருக்கும். அறிகுறிகள் பெரும்பாலும் இவைதான்.

## அறிகுறி: ஃபைலைத் திறந்தாயிற்று, எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை

பிவட் டேபிள் போடக் கை துறுதுறுக்கும். அதற்கு முன்னால் ஒரு வரி என்பது என்ன என்று கண்டுபிடியுங்கள். ஒரு பில்லா, பில்லுக்குள் ஒரு பொருளா, ஒரு கடையின் ஒரு நாள் மொத்தமா? ஏதாவது ஒரு பில் எண்ணை வடிகட்டிப் பார்த்தால் போதும். இந்த ஃபைலில் ஒரே பில் எண் நான்கு வரிகளில் வந்தது, ஒவ்வொன்றிலும் வேறு பொருள். ஆக ஒரு வரி என்பது பில்லில் உள்ள ஒரு பொருள். இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சராசரி போடும்போது தேவைப்படும்.

அடுத்தது ஒரு கேள்வி. ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்காதீர்கள். ‘எல்லாம்தான்’ என்று பதில் வரும். எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. அனுப்பியவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். நான் போனில் கேட்டது இது: “ஆடிட்டர் கணக்குப்படி மூணு மாச விற்பனை மொத்தம் எவ்வளவுங்க?”

“ஜிஎஸ்டிஆர்-1 போட்டது இருக்குதுங்க, பார்த்துச் சொல்றேன்” என்றவர் பத்து நிமிடத்தில் அனுப்பினார்: ரூ. 1,86,40,250. வரி சேர்க்காமலா, ரிட்டர்ன் கழித்தா என்று இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வரி சேராதது, ரிட்டர்ன் கழித்தது. அப்படியானால் நான் ஒப்பிட வேண்டியது Taxable காலம், ரிட்டர்னைக் கழித்து. இந்த இரண்டு துணைக்கேள்வியைக் கேட்காமல் விட்டால், சரியான ஃபைலையே தப்பென்று நினைத்து அரைநாள் தேடிக்கொண்டிருப்போம்.

இனி இந்த எண்ணை எட்டும்வரை வேறு எந்தச் சுருக்கமும் இல்லை.

## அறிகுறி: மொத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது

Taxable காலத்தை அப்படியே கூட்டினேன். 3,70,05,500. தெரிந்த எண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு என்றால் முதல் சந்தேகம் மொத்த வரிகள் மேல். பில்லிங் சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டை எக்செல்லாக இறக்கும்போது மாதக் கடைசியில் அது போட்ட மொத்தமும் சேர்ந்தே இறங்கிவிடும். திரையில் அது தடித்த எழுத்தில் தனியாகத் தெரியும். SUM-க்குத் தடித்த எழுத்தும் தெரியாது, மெலிந்த எழுத்தும் தெரியாது. மாத மொத்தத்துக்கு மேல் ஒரு இறுதி மொத்தமும் இருந்தால் எண் மூன்று மடங்காகும்.

கண்டுபிடிக்க எளிய வழி, அந்தக் காலத்தின் வடிகட்டியில் Number Filters, Top 10 போடுவது. மிகப் பெரிய பத்து எண்கள் மட்டும் நிற்கும், மொத்த வரிகள் அவற்றில் தாமாகவே அகப்படும். இங்கே அவற்றில் மூன்று வரிகள் ஐம்பது, அறுபது லட்சங்களில் இருந்தன. அடுத்த பெரிய வரி ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த மூன்றிலும் Party காலி, Item காலி. எதையாவது வரிசைப்படுத்துவதானால் அதற்கு முன்னால் ஒரு புதுக் காலத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவையுங்கள், பழைய ஒழுங்குக்குத் திரும்ப வழி வேண்டும். மூலத் தாளைத் தொடாமல் நகல் தாளில் வேலை செய்வது அதைவிட நல்லது.

மூன்று வரிகளை நீக்கினேன். நீக்குமுன் அவற்றைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன்: 1,86,40,250. ஆடிட்டர் எண்ணேதான். அதாவது சாஃப்ட்வேருக்குச் சரியான விடை தெரிந்திருக்கிறது. மிச்சமுள்ள 4,183 வரிகளும் அதே எண்ணைத் தர வேண்டும்.

தரவில்லை.

## அறிகுறி: மொத்தம் ஏறக்குறைய சரி, கொஞ்சம்தான் உதைக்கிறது

இப்போது வந்த மொத்தம் 1,83,65,250. தெரிந்த எண்ணுக்கு 2,75,000 குறைவு, ஒன்றரை சதவீதம். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். ‘ரவுண்ட் ஆஃப் வித்தியாசமா இருக்கும், ரெண்டு பில் விட்டுப்போயிருக்கும்’ என்று மேலே போய்விடுவார்கள். நானும் ஒரு காலத்தில் போயிருக்கிறேன். இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். இந்த ஒன்றரை சதவீதம்தான் ஆபத்து, ஏனென்றால் ஒரு சின்னப் பிழையும் இதைத் தரலாம், எதிரெதிராக இழுக்கிற இரண்டு பெரிய பிழைகளும் தரலாம்.

முதலில் எண்கள் எல்லாம் உண்மையிலேயே எண்கள்தானா என்று பார்க்க வேண்டும். மூலத் தாளில் இரண்டு சூத்திரம்:

```
=COUNTA(K2:K4187)
=COUNT(K2:K4187)
```

முதலாவது, ஏதாவது எழுதியிருக்கும் செல்களை எண்ணுகிறது: 4,186. இரண்டாவது, எண் இருக்கும் செல்களை மட்டும் எண்ணுகிறது: 3,874. வித்தியாசம் 312. அந்த 312 செல்களிலும் கண்ணுக்கு எண் தெரிகிறது. எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. SUM எழுத்தைக் கண்டால் எச்சரிக்கை கொடுக்காது, பேசாமல் தாண்டிப் போகும். பிவட் வேறு மாதிரி காட்டிக்கொடுக்கும்: அந்தக் காலத்தை இழுத்துப் போட்டதும் Sum வராமல் Count வந்து நின்றால், உள்ளே எங்கோ எழுத்தோ காலிச் செல்லோ கலந்திருக்கிறது. Count-ஐ Sum என்று மாற்றிவிட்டு நகர்வது மருந்து அல்ல. எழுத்தாக இருப்பது அப்போதும் கூட்டலில் சேராது.

யார் அந்த 312 பேர்? =ISNUMBER(K2) என்று ஒரு காலம் போட்டு, FALSE மட்டும் வடிகட்டினேன். எல்லாமே ஜூன் மாத விற்பனை, ஒரே வகை பில் எண் தொடர். கேட்டதில் தெரிந்தது: ஜூனில் இரண்டாவது கவுன்ட்டரில் புது கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். அதன் ரிப்போர்ட்டை பிரவுசரில் திறந்து, அங்கிருந்து நகலெடுத்து இந்த ஷீட்டின் அடியில் ஒட்டியிருக்கிறார்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அது சாதாரண இடைவெளி இல்லை, 160 என்ற குறியீட்டு எண் கொண்டது. TRIM அதை நீக்காது. TRIM போட்டும் சரியாகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதை முயன்று பாருங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(K2,UNICHAR(160),""),",",""))
```

உள்ளே இருக்கும் SUBSTITUTE அந்த இடைவெளியையும், வெளியே இருப்பது காற்புள்ளியையும் எடுக்கிறது. மிச்சத்தை VALUE எண்ணாக்குகிறது. ஏற்கெனவே எண்ணாக இருப்பவை மாறாமல் அப்படியே வரும், அதனால் முழுக் காலத்துக்கும் இழுத்துவிடலாம். இதை N காலத்தில் போட்டேன். 312 வரிகளின் தொகை 14,26,300.

அதைச் சேர்த்ததும் மொத்தம் 1,97,91,550 ஆனது. முன்பு 2,75,000 குறைவு; இப்போது 11,51,300 அதிகம். ஒரு பிழையைச் சரிசெய்ததும் விடை இன்னும் தள்ளிப் போகிறது. இது பயப்பட வேண்டிய இடம் இல்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு பிழை இருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி இதுதான்.

அதிகமாக வரும் தொகையைப் பாதியாக்கிப் பாருங்கள். 11,51,300-இல் பாதி 5,75,650. கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தால் பிழை அதன் இரு மடங்காகத்தான் தெரியும். Type காலத்தை வடிகட்டினேன்: Sales, Sales Return என்று இரண்டு வகை. ரிட்டர்ன் வரிகள் 172, தொகை 5,75,650, எல்லாமே கழித்தல் குறி இல்லாமல். சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை வகையைப் பக்கத்திலேயே சொல்லிவிட்டது, அதனால் குறி போடவில்லை.

```
=IF(C2="Sales Return",-N2,N2)
```

இந்த O காலத்தின் மொத்தம் 1,86,40,250. ரூபாய்க்கு ரூபாய்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த 312 வரிகளும் ஜூனில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு மாத விற்பனை போட்டிருந்தால் ஜூன் 48,24,000 என்று வந்திருக்கும். மே மாதம் 68,45,200. ‘ஜூனில் விற்பனை முப்பது சதவீதம் சரிந்துவிட்டது’ என்று நான் ஒரு படமும் வரைந்து அனுப்பியிருப்பேன். அவர் லைனுக்குப் போகிற பையன்களைக் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருப்பார்.

## அறிகுறி: மூன்று மாத ஃபைலில் பன்னிரண்டு மாதங்கள் தெரிகின்றன

பிவட்டில் தேதியை மாத வாரியாகத் தொகுக்கப் போனால் “Cannot group that selection” என்று மறுத்தது. Date காலத்தின் வடிகட்டியைத் திறந்தேன். மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்களும் மரம்போல விரிந்தன. அடியில் 15/04/2024, 16/04/2024 என்று தனித்தனியாக ஒரு நீண்ட பட்டியல். ஜூலையில் கைக்கு வந்த ஃபைலில் அக்டோபரில் போட்ட பில்லும் டிசம்பரில் போட்ட பில்லும்!

நம் ஊரில் நாள்/மாதம்/வருடம் என்று எழுதுகிறோம். மாதம்/நாள்/வருடம் என்று அமெரிக்க முறையில் அமைத்த கம்ப்யூட்டரில் அப்படி எழுதிய சிஎஸ்வி ஃபைலைத் திறந்தால், 10/04/2024 என்பதை எக்செல் அக்டோபர் 4 என்று படித்து அப்படியே தேதியாக மாற்றிவிடும். 15/04/2024-ஐ அதனால் படிக்க முடியாது, பதினைந்தாவது மாதம் கிடையாதே. அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஆக ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையான நாட்கள் தலைகீழாகும், 12-க்கு மேற்பட்டவை எழுத்தாக நிற்கும்.

இதற்கு ஒரு தெளிவான கைரேகை உண்டு. தேதியாக மாறியவற்றை மட்டும் எடுத்து நாளைப் பாருங்கள். ஏப்ரல், மே, ஜூன் ஃபைல் என்றால் எல்லா மாதங்களிலும் 4, 5, 6 ஆகிய மூன்று நாட்கள்தான் இருக்கும், ஏனென்றால் நாளாகத் தெரிவது உண்மையில் மாதம். எனக்கு அப்படியே இருந்தது.

எழுத்தாக நிற்பவற்றை மட்டும் Text to Columns கொண்டு சரிசெய்துவிட்டு, தேதிபோலத் தெரிபவற்றை அப்படியே விடுவதுதான் வழக்கமான தப்பு. கெட்டுப்போனது தேதிபோல நல்லபிள்ளையாகத் தெரிபவைதான். இரண்டுக்கும் சேர்த்து:

```
=IF(ISNUMBER(B2),
 DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),
 DATE(MID(TRIM(B2),7,4),MID(TRIM(B2),4,2),LEFT(TRIM(B2),2)))
```

ஒரு எச்சரிக்கை. தேதியாக இருக்கும் எல்லா வரிகளும் ஒரே வழியில் கெட்டிருந்தால்தான் இது செல்லும். சரியான தேதிகளும் கலந்திருந்தால் இந்தச் சூத்திரம் அவற்றைக் கெடுத்துவிடும். இங்கே ஒட்டப்பட்ட 312 வரிகளில் தேதிகளும் எழுத்தாகவே இருந்ததால் பிழைத்தேன். இல்லையென்றால் அவற்றைத் தனியாகக் கையாண்டிருக்க வேண்டும். மூல சிஎஸ்வி ஃபைல் கிடைக்கும் என்றால் இந்த வித்தையே வேண்டாம். அதை Data மெனு வழியாக எடுத்து, தேதிக் காலத்தை நாள்-மாதம்-வருடம் என்று சொல்லியே உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

சரியாயிற்றா என்று எப்படித் தெரியும்? மூன்று மாதத்துக்குள் அடங்கிவிட்டது என்பது மட்டும் போதாது. அந்த ஏஜென்சிக்கு ஞாயிறு விடுமுறை. புதுத் தேதிக் காலத்தின்மேல் =WEEKDAY(M2) போட்டு 1 வருகிறதா என்று பார்த்தேன்; 1 என்றால் ஞாயிறு. ஒன்றுகூட வரவில்லை. சரிசெய்வதற்கு முன் பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, பில்கள் இருந்தன. அவை உண்மையில் ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை. வாரவிடுமுறை உள்ள எந்தத் தொழிலுக்கும் இந்தச் சோதனை நடக்கும். ஏப்ரல் 19-இலும் பில் இல்லை. அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேதிகள்மேல் முழு நம்பிக்கை வந்தது.

## அறிகுறி: சராசரியைச் சொன்னால் கடைக்காரர் ‘அப்படி இல்லையே’ என்கிறார்

Taxable தொகையை எண்ணாக்கிய N காலத்தில் விற்பனை வரிகளுக்கு மட்டும் AVERAGE போட்டால் 4,791 ரூபாய் வரும். ‘சராசரி பில் 4,791’ என்று எழுதினால் தப்பு. ஒரு வரி பில் இல்லை என்று தாளில் எழுதி வைத்தோமே, அது இதற்காகத்தான். 1,92,15,900 ரூபாய் விற்பனை, 4,011 வரிகள், ஆனால் பில்கள் 982-தான். முதலில் பில் எண் வாரியாக ஒரு பிவட் போட்டு, பிறகு அந்த பிவட்டின்மேல் சராசரி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 19,568.

இதையும் சொன்னேன். “இருபதாயிரத்துக்கு எந்தக் கடைங்க வாங்குது? ஆறாயிரம், எட்டாயிரம்னு வாங்கறவங்க ஒரு பக்கம். லட்சத்துக்கு மேல வாங்கற சூப்பர் மார்க்கெட் ஒரு பக்கம். நடுவுல அவ்வளவா ஆளே இல்லீங்க.”

அவர் சொன்னதுதான் சரி. கணக்குப்படி 19,568 பிழையில்லாத எண்; ஆனால் இரண்டு வேறு கூட்டத்தை ஒன்றாகப் போட்டு அரைத்து எடுத்தது. நடுவில் நிற்கும் பில்லைப் பார்த்தேன், MEDIAN: சுமார் 8,400. சராசரி நடுவெண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், சராசரியை ஓரமாக வைத்துவிட்டு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டுவது என் வழக்கம். 5,000-க்குள் 311 பில், அதிலிருந்து 15,000 வரை 402, ஐம்பதாயிரம் வரை 196, அதற்கு மேல் 73. அந்த 73 பில்கள் மட்டுமே சுமார் 97 லட்சத்து 40 ஆயிரம், விற்பனையில் பாதிக்குச் சற்று மேல். இதைக் காட்டியதும் அவர் தலையாட்டியிருப்பார் என்பது போனிலேயே தெரிந்தது.

## அறிகுறி: ஒரே கடை மூன்று இடத்தில் வருகிறது

முதல் பத்துக் கடைகளை எடுக்கப் போட்ட பட்டியலில் ஒரு சூப்பர் மார்க்கெட் மூன்றாவதாகவும் ஒன்பதாவதாகவும் பதினான்காவதாகவும் இருந்தது. ஒன்றில் பெயருக்குப் பின்னால் இடைவெளி, இன்னொன்றில் எழுத்துக்கூட்டல் வேறு. சேர்த்தால் அதுதான் முதலிடம். சாதாரண இடைவெளிக்கு TRIM போதும். எழுத்துக்கூட்டல் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சேர்க்காதீர்கள். ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’ பவானியிலும் இருக்கும், பெருந்துறையிலும் இருக்கும், இரண்டும் வேறு ஆட்கள். பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் அதை வைத்துச் சேருங்கள். பதிவு செய்யாத சின்னக் கடைகளுக்கு அது இருக்காது. அவற்றைப் பட்டியலாக்கி அனுப்பியவரிடமே கேட்டுவிடுவது மேல். 138 பெயர்கள் 121 ஆயின.

Qty காலத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். பெட்டி, கிலோ, லிட்டர் மூன்றும் ஒரே காலத்தில் இருக்கிறது. Unit வாரியாகப் பிரிக்காத அளவு மொத்தத்துக்குப் பொருளே கிடையாது.

## அறிகுறி: எல்லாம் சரியாகிவிட்டது, எதை அனுப்புவது?

இந்த நிலையில் இருபது பிவட் போடலாம். பொருள் வாரி, ஏரியா வாரி, பொருளுக்குள் ஏரியா, ஏரியாவுக்குள் மாதம். பார்க்கப் பெரிய உழைப்பாகத் தெரியும். எதிர்ப்பக்கம் இருப்பவர் முதல் தாளைத் தாண்டமாட்டார். லாபம் பற்றி எதுவும் சொல்லக்கூடாது, வாங்கிய விலை இந்த ஃபைலில் இல்லை. கேட்டால் ‘அது வேறு ஃபைல்’ என்று சொல்லிவிடலாம்.

நான் அனுப்பியது ஒரே ஒரு பக்கம். முதல் வரி: ‘இந்த ஃபைலின் நிகர விற்பனை 1,86,40,250, ஜிஎஸ்டிஆர்-1 உடன் ஒத்துப்போகிறது. மாத மொத்த வரிகள் மூன்றை எடுத்துவிட்டேன், எழுத்தாக இருந்த 312 தொகைகளை எண்ணாக்கினேன், ரிட்டர்னைக் கழித்தேன், தேதிகளைத் திருத்தினேன்.’ தொட்டது எதுவென்று சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பினால், பிறகு அவர்கள் அதே ஃபைலைக் கூட்டி 3,70,05,500 என்று கொண்டுவந்து நிற்பார்கள்.

அதன் கீழே மாதக் கணக்கு.

| மாதம் | விற்பனை | ரிட்டர்ன் | பில் போட்ட நாட்கள் |
|---|---|---|---|
| ஏப்ரல் | 61,20,400 | 1,21,300 | 25 |
| மே | 68,45,200 | 1,34,050 | 26 |
| ஜூன் | 62,50,300 | 3,20,300 | 25 |

நாட்கள் காலம் ஏன் என்று கேட்கலாம். ஏப்ரலிலிருந்து மே 11.8 சதவீதம் ஏற்றம்போலத் தெரிகிறது. நாளொன்றுக்கு என்று பார்த்தால் 2,44,816-இலிருந்து 2,63,277, அதாவது 7.5 சதவீதம்தான். மூன்றே மாதம் உள்ள ஃபைலை வைத்து வளர்ச்சி என்ற சொல்லையே நான் எழுதவில்லை. போன வருட மே மாதம் கையில் இல்லாமல், கோடைக்கால ஏற்றமா உண்மையான ஏற்றமா என்று பிரிக்க வழியில்லை.

விற்பனையையும் ரிட்டர்னையும் சேர்த்து நிகரமாக ஒரே காலத்தில் போட்டிருந்தால் முக்கியமானது மறைந்திருக்கும். ஏப்ரலிலும் மேயிலும் விற்பனையில் இரண்டு சதவீதமாக இருந்த ரிட்டர்ன் ஜூனில் ஐந்து சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. உடனே அதை மட்டும் பொருள் வாரியாகப் பிரித்தேன். ஜூன் ரிட்டர்னில் 1,98,000 ஒரே பொருள், ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட். காரணம் ஃபைலில் இல்லை, அதனால் நானும் எழுதவில்லை. ‘ஒரே பொருள், ஜூனில் மட்டும்’ என்று ஒரு வரியோடு நிறுத்தினேன்.

மூன்றாவதாக, மேலே சொன்ன பில் அடுக்கும் முதல் பத்துக் கடைகளும். படம் எதுவும் வைக்கவில்லை. மூன்று மாதத்துக்குக் கோடு வரைந்தால் மூன்று புள்ளிதான் இருக்கும்.

கடைசி வரியாக ஒரு கேள்வி: ‘இதை வச்சு நீங்க எடுக்கப்போற முடிவு எதுங்க? கடன் வரம்பா, ரிட்டர்னா, ஆள் போடறதா?’ ‘வேறு என்ன வேண்டும்’ என்று திறந்த கேள்வி கேட்டிருந்தால் மறுபடியும் ‘எல்லாம்தான்’ என்று வந்திருக்கும். இரண்டு மூன்று வாய்ப்பைச் சொன்னால், அவற்றில் இல்லாததையாவது திருத்திச் சொல்வார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. மாலையில் பதில் வந்தது: “எண்ணெய் ரிட்டர்ன் இவ்வளவு வந்தது எனக்கே தெரியலீங்க, கம்பெனிக்காரங்ககிட்ட கேட்கறேன். ஆனா நான் பார்க்கச் சொன்னது வேறங்க. பவானி லைனுக்குத் தனியா ஒரு வண்டி போடலாமான்னு.”

Area காலத்தைத் திறந்தேன். 121 கடைகளில் 48-க்கு அது காலி. அந்த 48 பெயர்களைத் தனித் தாளில் போட்டு, பக்கத்தில் வெற்றுக் கட்டம் வைத்து அனுப்பினேன். வண்டி ஓட்டுகிற அண்ணன் இரண்டு நாளில் பேனாவால் நிரப்பி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.